தையல் ஹாலில் தீப் பாதுகாப்புப் பலகை: எந்த மொழி, என்ன படம், எத்தனை அடி உயரம்?

"ஐயா, எங்கள் பனியன் கம்பெனியின் தையல் ஹால் முதல் மாடியில் இருக்கிறது. 100 அடி நீளம், 40 அடி அகலம். முன்னால் ஒரு படி, பின்னால் ஒரு இரும்புப் படி. 90 பேரில் பாதிக்கு மேல் ஒடிசா, பீகார் ஆட்கள். நம் ஊர் அக்காக்களிலும் பலருக்குச் சரளமாகப் படிக்க வராது. தீப் பாதுகாப்பு போர்டு எந்த மொழியில் அடிப்பது? படம் மட்டும் போதுமா? கண் மட்டத்தில் வையுங்கள் என்கிறார்கள், அது எத்தனை அடி?"

உயரத்திலிருந்து தொடங்குகிறேன். திருப்பூரில் நான் பார்த்த கம்பெனிகளில் அதிகம் தப்பாகப் போவது அதுதான்.

நம் பெண்கள் நின்றால் கண் தரையிலிருந்து சுமார் நாலரை அடியில் இருக்கும், ஆண்களுக்கு ஐந்து அடி. ஆகவே நின்று படிக்க வேண்டிய பலகையின் நடுப்பகுதி நாலரைக்கும் ஐந்துக்கும் இடையில் வர வேண்டும். கண் மட்டம் என்று சொல்வது இதைத்தான். ஆனால் உங்கள் ஹாலில் பெரும்பாலானவர்கள் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார்கள். மெஷின் முன்னால் உட்கார்ந்த டைலருக்குக் கண் நாலடிக்கும் கீழே போய்விடும். அவருக்கு முன்னால் அடுத்த மெஷினின் நூல் ஸ்டாண்டு நிற்கிறது, அதற்கு அப்பால் பண்டல். எல்லாப் பலகையையும் ஐந்தடியில் ஒட்டிவிட்டால், உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு ஒன்றுகூடத் தெரியாது.

அதனால் பலகைகளை வேலையை வைத்துப் பிரியுங்கள். தூரத்திலிருந்து தேடிக் கண்டுபிடிக்க வேண்டியவை ஒரு வகை: வெளியே போகும் வழி எங்கே, தீயணைக்கும் சிலிண்டர் எங்கே, அலாரம் பட்டன் எங்கே. இவை ஏழு, எட்டு அடி உயரத்தில், ஆட்களின் தலைக்கும் நூல் ஸ்டாண்டுக்கும் மேலே இருக்க வேண்டும். பக்கத்தில் வந்து நின்று பார்த்துச் செய்ய வேண்டியவை இன்னொரு வகை: சிலிண்டரை எப்படி இயக்குவது, மணி அடித்தால் என்ன செய்வது, கரண்ட் பேனலில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பது. கண் மட்டம் என்ற விதி முழுக்கப் பொருந்துவது இந்த இரண்டாவது வகைக்கு.

மூன்றாவதாக ஒரு உயரம் உண்டு. அதைப் பெரும்பாலும் யாரும் வைப்பதில்லை. தீப்பிடித்ததும் சூடான புகை மேலே ஏறி, கூரைக்கடியில் பரவி, அங்கிருந்து கீழே இறங்கிக்கொண்டே வரும். கதவுக்கு மேலே அழகாக மாட்டிய பச்சைப் பலகை முதலில் மறைந்துவிடும். பனியன் துணி, பஞ்சுத் தூசி, அட்டைப்பெட்டி, பாலிதீன் கவர் எல்லாம் இருக்கும் ஹாலில் புகை அடர்த்தியாகவே வரும். அப்போது குனிந்தோ தவழ்ந்தோதான் போக முடியும். அந்த ஆளின் கண் தரையிலிருந்து இரண்டடியில் இருக்கும். அதனால் இரண்டு படிகளுக்கும் போகும் வழியில், சுவரிலும் தூணிலும் ஒன்று, ஒன்றரை அடி உயரத்தில் இருட்டில் ஒளிரும் அம்புக்குறிப் பட்டை ஒட்டுங்கள். விமானத்தில் நடைபாதை ஓரமாகத் தரையில் விளக்குப் பட்டை வைத்திருப்பதும் இதே காரணத்துக்காகத்தான். ஒரு எச்சரிக்கை: இந்தப் பட்டை, தன் மீது வெளிச்சம் விழுந்திருந்தால்தான் இருட்டில் ஒளிரும். பின்பக்க இரும்புப் படி எப்போதும் இருட்டாகக் கிடந்தால், அங்கே ஒட்டிய பட்டை ஒளிராது. வேலை முடிந்த ஒரு மாலையில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து பாருங்கள். கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் அந்த இடத்தில் ஒரு டியூப் லைட் நிரந்தரமாக எரிய வேண்டும், அல்லது பேட்டரி விளக்கு வேண்டும்.

பலகையின் அளவுக்கு எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. ஹால் வெளிச்சத்தில் பார்க்கும் சாதாரணப் பலகை என்றால், எவ்வளவு தூரத்திலிருந்து தெரிய வேண்டுமோ அதில் நூறில் ஒரு பங்கு உயரம் வேண்டும். உங்கள் ஹால் 100 அடி, ஆகவே கடைசி மெஷினில் இருப்பவருக்கு எதிர்க்கோடியில் உள்ள வாசல் பலகை தெரிய வேண்டுமென்றால் அது ஒரு அடி உயரம் இருக்க வேண்டும். உள்ளே விளக்கு எரியும் பெட்டி என்றால் அதில் பாதி போதும். கடையில் தயாராகக் கிடைக்கும் நாலு இஞ்ச் ஸ்டிக்கரை 100 அடிக்கு அப்பாலிருந்து யாராலும் அடையாளம் காண முடியாது. கணக்கு சரியாக இருந்தாலும் நடுவில் மின்விசிறியோ, லைன் நம்பர் போர்டோ, தொங்கும் கேபிள் டிரேயோ மறைக்கும். அதனால் மாட்டும் முன் ஒவ்வொரு லைனிலும் கடைசி நாற்காலியில் நீங்களே உட்கார்ந்து பாருங்கள். எழுந்து நின்று பார்ப்பது கணக்கில் வராது.

அப்புறம், பலகையைக் கதவின் மேல் ஒட்டாதீர்கள். கதவைத் திறந்து சுவரோடு சாய்த்ததும் பலகையும் அதனோடு மறைந்துவிடும். கதவுச் சட்டத்துக்கு மேலே, சுவரில் மாட்ட வேண்டும்.

இப்போது படம். வழிக்குப் பச்சைப் பின்னணியில் ஓடும் மனிதன், கதவு. இது ஐஎஸ்ஓ 7010 என்ற தரத்தில் உள்ள படம், உலகம் முழுக்க ஒன்றுதான். கடையில் அந்த நம்பரைச் சொல்லிக் கேளுங்கள், இல்லாவிட்டால் ஆளுக்கொரு ஓவியம் தருவார்கள். ஜப்பானியரான யுகியோ ஓட்டா 1970களில் உருவாக்கிய வடிவம் அது. 1972-ல் ஒசாகாவில் ஒரு பெரிய கடைக் கட்டடம் எரிந்து 118 பேர் இறந்திருந்தார்கள். பழைய கட்டடங்களில் இன்னும் சிவப்பு எழுத்தில் 'எக்ஸிட்' என்று மட்டும் எழுதியிருக்கும். படிக்கத் தெரியாத ஒருவருக்குச் சிவப்பு என்றால் 'போகாதே' என்றுதான் மனதில் படும். உங்களிடம் அப்படி ஏதாவது இருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள்.

தொழிலாளிக்கு நிறத்தைச் சொல்லிக்கொடுங்கள், ஆனால் இரண்டு மட்டும். பச்சை என்றால் வெளியே போகும் வழி. சிவப்புச் சதுரம் என்றால் தீயணைக்கும் சாமான். மஞ்சள் முக்கோணம், நீல வட்டம் எல்லாம் தரத்தில் உண்டு. அவற்றை மாட்டுங்கள், ஆனால் முதல் நாளே எல்லாவற்றையும் மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள். இந்த இரண்டும் பதிந்தால் தீ நேரத்துக்குப் போதும்.

படம் தானாகப் புரிந்துவிடும் என்று நம்பாதீர்கள், இதை நான் அழுத்திச் சொல்கிறேன். சிலிண்டர் படத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டபோது, "கேஸ் சிலிண்டர், பக்கத்தில் போகக் கூடாது" என்று என்னிடம் பலர் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் சொன்னதில் தர்க்கம் இருக்கிறது. படத்தில் ஒரு உருளை, பக்கத்தில் தீ ஜுவாலை. வீட்டு அடுப்பைத் தெரிந்தவருக்கு வேறென்ன தோன்றும்?

அம்புக்குறி இன்னும் ஆபத்து. ஒரு கம்பெனியில் தீ ஒத்திகை நடத்தினோம். உங்களுடையது போலவே முதல் மாடி. படிக்குப் போகும் பாதையில் மேல்நோக்கிய அம்போடு பச்சைப் பலகை வைத்திருந்தார்கள். பலகையின் மொழியில் அதற்கு 'நேராகப் போ' என்று அர்த்தம். மணி அடித்ததும் புதிதாக வந்திருந்த ஆறு பெண்கள் மொட்டை மாடிக்கு ஏறிவிட்டார்கள். அம்பு மேலே காட்டியது, மேலே போனோம் என்றார்கள். அவர்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை. உண்மையான தீயில் புகை போகும் திசையும் அதுதான், அவர்களுக்குப் பின்னாலேயே ஏறியிருக்கும். மாடியில் உள்ள எந்த ஹாலிலும் மேல் அம்பைத் தவிர்த்துவிடுங்கள் என்று அதன் பிறகு நான் எல்லோரிடமும் சொல்கிறேன். வாசலுக்கு நேர் மேலே பலகையை மாட்டினால் அம்பே தேவையில்லை. திரும்பும் இடத்தில் மட்டும் இடது, வலது அம்பு போடுங்கள். படி தொடங்கும் இடத்தில், கீழே இறங்கும் மனிதனும் படிக்கட்டும் தெரியும் படம் போடுங்கள். மொட்டை மாடிக்குப் போகும் படியின் முகப்பில், இது வெளியே போகும் வழி அல்ல என்பதற்குத் தடை வட்டம் போட்ட பலகை வேண்டும்.

சிலிண்டரை இயக்கும் முறைக்கு நான்கு படங்கள்: பின்னை இழு, குழாயைத் தீயின் அடியில் காட்டு, கைப்பிடியை அழுத்து, இடம் வலமாக ஆட்டு. கடைகளில் விற்கும் பலகையில் இந்த நாலும் இடமிருந்து வலமாக இருக்கும். படித்துப் பழகியவருக்கு இடமிருந்து வலம் இயல்பு. பள்ளிக்கூடம் போகாதவருக்கு அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை, உருது படித்தவருக்கு வலமிருந்து இடம். அதனால் படங்களை மேலிருந்து கீழாக அடுக்கி, பக்கத்தில் 1, 2, 3, 4 என்று பெரிதாக எண் போடுங்கள். எழுத்து தெரியாதவர்களுக்கும் எண் தெரியும். பீஸ் கணக்கு, சம்பளம், போன் நம்பர் எல்லாம் எண்ணில்தானே ஓடுகிறது? இந்தப் பலகை சிலிண்டருக்குப் பக்கத்தில், நாலரை அடியில். சிலிண்டரின் கைப்பிடி நெஞ்சுயரத்துக்கு மேல் போகாமல் இருக்கட்டும், இல்லாவிட்டால் உயரம் குறைந்த அக்காவால் கழற்றி இறக்க முடியாது. சிலிண்டருக்கு முன்னால் மூன்றடிச் சதுரத்துக்குத் தரையில் பெயிண்ட் அடித்துவிடுங்கள். அடிக்காவிட்டால் ஷிப்மென்ட் வாரத்தில் அங்கே அட்டைப்பெட்டி ஏறி, பலகை, சிலிண்டர் இரண்டும் சேர்ந்து மறைந்துவிடும்.

மொழிக்கு வருகிறேன். உள்ளூர் மொழியில் எழுதுங்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். அதை ஊரின் மொழி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், ஹாலில் உட்கார்ந்திருப்பவரின் மொழி. 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டமே, அறிவிப்புகள் ஆங்கிலத்தோடு தொழிலாளிகளில் பெரும்பான்மையோருக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்றுதான் சொன்னது. உங்களிடம் ஒரே பெரும்பான்மை இல்லை. அதனால் முதலில் ஒரு எளிய கணக்கெடுப்பு: ஒவ்வொருவரிடமும் எந்த மொழி பேசுவீர்கள், எந்த எழுத்தைப் படிப்பீர்கள் என்று தனித்தனியாகக் கேளுங்கள். இரண்டும் ஒன்றல்ல. ஒடிசாவிலிருந்து வந்தவர்கள் இங்கே இந்தி பேசுவார்கள், ஆனால் ஒடியா எழுத்து மட்டுமே படிக்கத் தெரிந்தவர் அவர்களில் நிறைய. இந்திப் பலகை அவர்களுக்கு உதவாது.

உங்கள் நிலைமைக்குத் தமிழ், இந்தி, ஒடியா மூன்று போதும் என்று நினைக்கிறேன். நான்காவது மொழி சேர்த்தால் எழுத்து சிறுத்து, படமும் சிறுத்துவிடும். பலகையில் மூன்றில் இரண்டு பங்கு படத்துக்கு, மீதிதான் எழுத்துக்கு. எழுத்தும் மொழிக்கு மூன்று நான்கு சொல்லைத் தாண்டக் கூடாது, அதுவும் பேசுகிற சொல்லாக இருக்க வேண்டும். தமிழில் 'அவசரகால வெளியேற்றம்' வேண்டாம், 'வெளியே போகும் வழி' போதும். இந்தியில் 'ஆபாத்காலீன் நிகாஸ்' என்றுதான் டிசைன் கடைக்காரர் எழுதித் தருவார். தட்டுத்தடுமாறிப் படிக்கும் ஒருவர் முதல் சொல்லிலேயே நின்றுவிடுவார். 'பாஹர் ஜானே கா ராஸ்தா' என்பதை எழுத்துக் கூட்டியாவது படித்துவிடுவார். தீ என்பதற்கு இந்தியில் ஆக், ஒடியாவில் நியா, வங்காளத்தில் ஆகுன். இந்த மூன்று சொல்லையும் உங்கள் சூப்பர்வைசர்கள் வாயால் சொல்லப் பழக வேண்டும். நம் ஆள் 'நெருப்பு, நெருப்பு' என்று கத்தினால், போன வாரம் ரயிலிறங்கிய பையனுக்கு என்ன சண்டையோ என்றுதான் தோன்றும்.

அச்சடிக்கும்போது ஒரு கோளாறு வரும், கவனியுங்கள். பிளெக்ஸ் கடையில் உள்ள பழைய டிசைன் மென்பொருளில் இந்தியையோ ஒடியாவையோ ஒட்டினால் கூட்டெழுத்து உடைந்து, உயிர்க்குறிகள் இடம் மாறி விழும். நமக்கு அந்த எழுத்து தெரியாததால் கண்ணில் படாது. தமிழில் 'கொ' உடைந்து கொம்பு தனியாக நின்றால் நமக்கு எப்படி இருக்குமோ, அவர்களுக்கும் அப்படித்தான். புரூஃபை பேப்பரில் எடுத்து, அந்த மொழி படிக்கும் இரண்டு பேரைத் தனித்தனியாக வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். இருவரும் ஒன்றையே படித்தால்தான் அச்சுக்கு.

இதோடு சேர்த்து, அச்சுக்கு முன் படத்தையும் சோதித்துவிடலாம். ஒவ்வொரு படத்தையும் எழுத்து இல்லாமல் ஏ4 தாளில் எடுங்கள். 20 பேரை, அதிலும் சமீபத்தில் சேர்ந்தவர்களையும் படிக்கத் தெரியாதவர்களையும் தேர்ந்தெடுத்து, ஒவ்வொருவராக அழைத்துக் காட்டுங்கள். 'புரிகிறதா?' என்று கேட்கக் கூடாது. எல்லோரும் தலையாட்டுவார்கள், முதலாளி ஆள் கேட்டால் வேறென்ன செய்வார்கள்? 'இதைப் பார்த்தால் நீ என்ன செய்வாய்?' என்று அவர்கள் மொழியில், சூப்பர்வைசர் இல்லாமல், கூட வேலை செய்யும் ஒருவரை வைத்துக் கேளுங்கள். சொன்னதை அப்படியே எழுதுங்கள். அமெரிக்காவில் இதற்கு ஒரு அளவுகோல் வைத்திருக்கிறார்கள்: நூற்றுக்கு 85 பேர் சரியாகச் சொல்ல வேண்டும், தலைகீழாக, ஆபத்தான அர்த்தத்தில் புரிந்துகொள்பவர்கள் ஐந்து பேரைத் தாண்டக் கூடாது. உங்கள் 20 பேரில் 17 பேர் சரி, தலைகீழாகச் சொன்னவர் ஒருவருக்கு மேல் இல்லை என்றால் அந்தப் படத்தை மாட்டலாம்.

தேறாத படத்தை என்ன செய்வது? மேலே சொன்ன சிலிண்டர் படத்தையே எடுத்துக்கொள்வோம். 20 பேரில் 12 பேர் சரியாகச் சொல்கிறார்கள், ஐந்து பேர் கேஸ் சிலிண்டர் என்கிறார்கள், மூன்று பேருக்குத் தெரியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். தரத்தில் உள்ள படத்தை மாற்றி நீங்களாக ஒன்று வரைய வேண்டாம். அவர் நாளைக்கு வேறு கம்பெனிக்குப் போனாலும் அதே படம்தான் இருக்கும். அதற்குப் பதிலாக, அந்தப் படத்துக்குக் கீழே கண் மட்டத்தில் ஒரு போட்டோ சேருங்கள்: உங்கள் ஹாலிலேயே, உங்கள் சிலிண்டரையே, அங்கே வேலை செய்யும் ஒரு பெண் கையில் பிடித்துத் தீயின் மேல் அடிக்கும் போட்டோ. ஒத்திகை நாளில் வெளியே ஒரு தட்டில் சின்னத் தீ மூட்டி அடிக்கும்போது எடுத்துவிடலாம், அவரிடம் சம்மதம் கேட்டுக்கொண்டு. பிறகு வேறு 20 பேரிடம் கேட்டுப் பாருங்கள். தெரிந்த முகம் தெரிந்த சாமானைப் பிடித்திருக்கும்போது குழப்பம் பெரும்பாலும் போய்விடுகிறது.

பலகை மாட்டியபின் ஒரே ஒரு நடைச் சோதனை. அந்த வாரம் சேர்ந்த ஒருவரை அவர் மெஷினிலேயே உட்கார வைத்து, 'முன்படியில் தீ, வெளியே போ' என்று சொல்லிவிட்டுப் பின்னாலேயே போங்கள், வழி காட்டாமல். எங்கே தயங்குகிறாரோ அங்கே ஒரு பலகை குறைகிறது. உங்கள் ஹாலில் அது இரும்புப் படிக்குத் திரும்பும் மூலையாகத்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். தினமும் முன்படியில் ஏறி இறங்குபவர்களுக்குப் பின்படி ஒன்று இருப்பதே மனதில் இருக்காது. தீபாவளி, சத் பூஜை முடிந்து புது ஆட்கள் கூட்டமாக வரும் நேரத்தில் இதைத் திரும்பச் செய்ய வேண்டும், போன வருடம் கற்றவர்களில் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள்.

அந்தப் பின்படிக் கதவுக்குப் பூட்டு இருக்கிறதா? திருட்டுப் பயத்தில் பல இடங்களில் பூட்டுகிறார்கள். பூட்டிய கதவின் மேல் பச்சைப் பலகை மாட்டுவது, பலகையே இல்லாததைவிடக் கேடு. அதை நம்பி ஓடி வருபவர் திரும்பிப் போக நேரம் இருக்காது. உள்ளிருந்து தள்ளினால் திறக்கும் தாழ்ப்பாள் போட்டுவிட்டு அப்புறம் பலகை மாட்டுங்கள்.

இன்னொரு பலகையை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நான் முதலில் மாட்டச் சொல்வது அதைத்தான். 2012 நவம்பரில் டாக்கா அருகே தஸ்ரீன் என்ற தையல் தொழிற்சாலையில் தீப்பிடித்தபோது அலாரம் அடித்தது, தொழிலாளிகள் எழுந்தார்கள். ஒன்றுமில்லை, வேலையைப் பாருங்கள் என்று மேலாளர்கள் திருப்பி அனுப்பினார்கள். 110 பேருக்கு மேல் இறந்தார்கள். அதனால் ஒவ்வொரு லைன் முனையிலும், நாலரை அடியில், இரண்டே படங்கள்: அடிக்கும் மணி, மெஷினை விட்டு எழுந்து பச்சைக் கதவை நோக்கிப் போகும் பெண். கீழே மூன்று மொழியிலும் 'மணி அடித்தால் கேட்காமல் போ.' இந்தப் பலகையை மாட்டும் நாளில் உங்கள் முதலாளியே ஹாலுக்கு வந்து, எல்லா லைன் சூப்பர்வைசர்களையும் பக்கத்தில் நிற்க வைத்து, மொழிபெயர்த்துச் சொல்ல ஒருவரையும் வைத்துக்கொண்டு, பொய் அலாரமாக இருந்தாலும் எழுந்து போனவருக்குப் பீஸ் கணக்கில் ஒரு பைசா குறையாது என்று தன் வாயால் சொல்ல வேண்டும். அவர் அதற்குச் சம்மதிக்கிறாரா என்று நாளைக்கே கேட்டுவிடுங்கள், பிளெக்ஸ் கடைக்கு அதற்குப் பிறகு போகலாம்.